சன்னலில்லாத சரக்கறைக்குக் குழாயிடை விசிறி

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் முதலிய இடங்களில் மனைகள் குறுகியவை. கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. மூன்று பக்கமும் பிறர் சுவராக அமைந்துவிட்டால், நடுவே விழும் அறைக்குச் சன்னல் வைக்க வழியில்லை. அவ்வறையே பெரும்பாலும் கழிப்பறையாகவோ சரக்கறையாகவோ ஆகிறது. கழிப்பறையின் குறை நாற்றத்தால் உடனே தெரிந்துவிடும். சரக்கறையின் குறையோ, பாவு நூலின் கஞ்சியில் பூஞ்சணம் பூத்து, சேலையின் மடிப்பில் கரும்புள்ளி விழுந்த பின்னரே அங்கத்தினர் கண்ணுக்குப் புலனாகிறது. ஆகவே இக்கட்டுரையில் சரக்கறையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர்ப் பக்கம் நீர் புகுந்தது. நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு விற்பனை நிலையம் இதற்கு அஞ்சித் தன் சரக்கை மாடியிலுள்ள உள்ளறைக்கு மாற்றியிருந்தது. அனகாபுத்தூர் நெசவாளர் நெய்யும் வாழைநார் கலந்த சேலைகளும், கஞ்சியிட்ட பருத்தி நூலும் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளத்துக்குத் தப்பிய சரக்கு, ஓராண்டுக்குள் ஈரக்காற்றுக்கு இரையாகத் தொடங்கியது. அவ்வறையையே உதாரணமாகக் கொண்டு கணக்கிடுவோம்.

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். முன்புறம் குளிரூட்டப்பட்ட விற்பனைக் கூடம், பின்புறம் கழிப்பறையும் அதையொட்டி ஒரு ஷாஃப்டும், ஒரு பக்கம் அண்டை வீட்டுச் சுவர், மறுபக்கம் நடை. நடையின் முடிவில், 20 அடிக்கு அப்பால், மேற்கு நோக்கிய வெளிச்சுவர். சுவரில் பொருத்தும் சாதாரண எக்ஸாஸ்ட் விசிறிக்கு இங்கே இடமில்லை. அவ்விசிறி, தன் முகத்துக்கு நேரே திறந்த வெளி இருந்தால்தான் நன்கு வேலை செய்யும். நீண்ட குழாயில் காற்றைத் தள்ளும் வலிமை அதற்கில்லை. குழாயின் நடுவிலேயே பொருத்தப்படும், உருளை வடிவான வேறொரு விசிறி உண்டு. கடையில் இதனை இன்லைன் டக்ட் ஃபேன் என்று கேட்க வேண்டும். நாம் குழாயிடை விசிறி என்போம்.

விசிறியின் அளவை நிர்ணயிக்க முதலில் அறையின் கொள்ளளவு வேண்டும். 12, 10, 10 மூன்றையும் பெருக்க 1,200 கன அடி. மணிக்கு ஆறு முறை அறைக்காற்று முழுதும் மாற வேண்டுமென்று வைத்துக்கொண்டால் 7,200 கன அடி. அதை 60-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 120 கன அடி. விசிறிப் பெட்டிகளில் சில கன அடியிலும் சில மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றும் எழுதியிருக்கும். நிமிடத்துக்கு ஒரு கன அடி என்பது மணிக்கு 1.7 கன மீட்டர். ஆகவே நமக்கு வேண்டியது ஏறத்தாழ 200 கன மீட்டர்.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். அந்த நிலையத்தின் மின் பணியாளர், 200 என்று அச்சிட்ட 4 அங்குல விசிறியையே வாங்கலாம் என்றார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பெட்டியிலுள்ள எண், குழாயே இல்லாமல் விசிறியைத் திறந்தவெளியில் ஓட்டினால் கிடைக்கும் அளவாகும். குழாயைப் பூட்டியவுடன் எதிர்ப்பு வந்துவிடுகிறது; எதிர்ப்பு மிகுந்த அளவுக்குக் காற்று குறைகிறது. பெட்டியில் மற்றோர் எண்ணும் இருக்கும்: விசிறி தரவல்ல மிகுதியான அழுத்தம், பாஸ்கல் கணக்கில். 10 பாஸ்கல் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம். விசிறி வாங்குவோர் இவ்விரண்டாவது எண்ணை அவசியம் பார்க்க வேண்டும். அது அச்சிடப்படாத விசிறியை நீண்ட குழாய்க்கு நாம் சிபாரிசு செய்வதில்லை.

நம் அறைக்கு 20 அடிக் குழாய், மூன்று திருப்பங்கள், உள்ளே ஒரு கிரில், வெளியே ஒரு மூடி. 4 அங்குலக் குழாயில் 200 கன மீட்டர் காற்றைச் செலுத்தினால் அது விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அவ்வேகத்தில் மொத்த எதிர்ப்பு ஏறத்தாழ 190 பாஸ்கல். இதில் மூன்று எல்போக்கள் மட்டுமே 70 பாஸ்கலை விழுங்குகின்றன. நேரான 20 அடிக் குழாயோ அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. 4 அங்குல விசிறியின் உச்ச அழுத்தம் 120 பாஸ்கல் என்று கொண்டால், அது 190-ஐ எப்படி வெல்லும்? காற்று குறைந்து குறைந்து, விசிறியின் வலிமையும் குழாயின் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் நிற்கும். நம் கணக்குப்படி அது மணிக்கு 110 கன மீட்டர். பெட்டியில் 200, கையில் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி.

அதே தடத்தில் 6 அங்குலக் குழாயை வைத்துப் பார்ப்போம். வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்றே மேல் என்று இறங்குகிறது. மொத்த எதிர்ப்பு 190-லிருந்து ஏறத்தாழ 36 பாஸ்கலாகச் சுருங்குகிறது. விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியது, எதிர்ப்போ ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ஆகவே பணம் குறைவாக இருந்தால் விசிறியில் குறைக்கலாம், குழாயின் விட்டத்தில் குறைக்கலாகாது. 500 கன மீட்டர், 300 பாஸ்கல் என்று அச்சிட்ட 6 அங்குல விசிறி இத்தடத்தில் முழு வேகத்தில் 330 அளவு தரும். அது நம் தேவைக்கு மிகுதி. இரு வேகம் உள்ள விசிறியாக வாங்கித் தாழ்ந்த வேகத்தில் ஓட்டினால் தேவையான காற்றும் கிடைக்கும், இரைச்சலும் குறையும். 5 அங்குலத்தைக் கேட்போரும் உண்டு; நாம் கணக்கிட்டுப் பார்த்ததில் இத்தடத்துக்கு அது போதவில்லை.

கழிவுநீருக்கு விற்கும் பி.வி.சி. குழாயில் 110 மில்லிமீட்டர் என்பதன் உட்புறம் ஏறத்தாழ 4 அங்குலம். 160 என்பதன் உட்புறம் ஏறத்தாழ 6 அங்குலம். உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் இவை காற்றுக்கு நன்கு உதவும். திருப்பங்களுக்கு எல்போவை வாங்காமல், வளைவு நீண்ட பெண்டை வாங்குக. அலுமினிய மடிப்புக் குழாய் வேலையை எளிதாக்கும் என்பதால் பணியாளர் அதையே விரும்புவர். முழுதும் இழுத்துக் கட்டிய நிலையிலேயே அதன் எதிர்ப்பு வழுவழுப்பான குழாயைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தொய்ந்தும் சுருங்கியும் கிடந்தால் பல மடங்கு. விசிறியின் இருபுறமும் அதிர்வைத் தடுக்க ஓர் அடி வீதம் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் வேண்டாம்.

இனி, தடம். அருகிலேயே ஷாஃப்டு இருக்க, 20 அடி நடையைக் கடப்பானேன் என்று நிலையத்தின் பொறுப்பாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஷாஃப்டின் உச்சி வானுக்குத் திறந்திருந்தால் ஆறடிக் குழாயோடு வேலை முடிந்திருக்கும். மேலேறிப் பார்த்தபோது, மழை வருகிறதென்று யாரோ அதைத் தகரத்தால் மூடியிருந்தனர். மூன்று தளங்களின் கழிப்பறைகளும் அதற்குள்ளேதான் திறக்கின்றன. அங்கே நாம் தள்ளும் காற்று மேல்வீட்டாரின் கழிப்பறைக்குள் நுழையும். நம் விசிறி நின்றிருக்கும் வேளையில் அவர்களுடைய நாற்றம் நம் சேலைகளுக்குள் வந்து சேரும். எனவே வெளிச்சுவரே தேர்ந்தெடுக்கப்பட்டது. மேற்குச் சுவராக அமைந்தது நல்லதாயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அத்திசை நோக்கிய வாய் நீரை உள்ளே வாங்கும்.

குழாயை வெளிப்புறம் நோக்கி, நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிய விடவேண்டும். உள்ளே துளிர்க்கும் நீர் விசிறிக்குத் திரும்பாமல் வெளியே வடியும். வெளிவாயில் கீழ்நோக்கிய மூடியும், பறவையும் அணிலும் புகாத கம்பி வலையும் போதும். கொசுவலை போட்டால் நூல் தூசி அதில் படிந்து, சில மாதங்களில் வாயையே அடைத்துவிடும். விசிறியை வெளிச்சுவரை ஒட்டி, தடத்தின் கடைசியில் வைப்பது நன்று. அப்போது கட்டடத்துக்குள் ஓடும் குழாய் முழுதும் உறிஞ்சும் பக்கமாகிறது; இணைப்பில் கசிவிருந்தால் காற்று உள்ளே இழுக்கப்படுமேயன்றி வெளியே கக்கப்படாது. விசிறி நிற்கும்போது வெளிக்காற்று திரும்பாதிருக்க, நான்-ரிட்டர்ன் தட்டு ஒன்றும் வேண்டும். அதன் அம்புக்குறி வெளிப்புறம் நோக்கியிருக்கிறதா என்று பூட்டும்போதே பார்த்துவிடுக. தலைகீழாகப் பூட்டப்பட்ட தட்டு, விசிறி ஓடும்போது மூடிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் காற்று வராத அறைகள் உண்டு. வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே நுழைய வழி வேண்டுமல்லவா? சரக்கறைக் கதவு மூன்றடி அகலம். அதன் அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருந்தது. அந்தக் கீற்றின் வழியே 200 கன மீட்டர் நுழைவதற்கு மட்டும் 60 பாஸ்கல் வேண்டும். 6 அங்குலக் குழாய் முழுவதற்கும் 36 போதும் என்பதை நினைவிற்கொள்க. கதவின் கீழ்ப்பாதியில் ஓரடிக்கு ஓரடி லூவர் பொருத்தியதும் அந்த 60, 2 அல்லது 3 ஆகிவிட்டது. நுழைவாய் தாழவும் உறிஞ்சும் கிரில் எதிர்ச்சுவரில் உயரவும் இருக்கவேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் வந்த காற்று அறையைத் தொடாமலே போய்விடும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. கதவை மூடி, விசிறியை ஓட்டி, லூவரின் அருகே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்நோக்கிச் சாயவேண்டும். பிறகு அலமாரிகளின் பின்புறம் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே புகை நேரே எழுந்து நின்றால், சரக்குச் சுவரோடு ஒட்டி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அரையடி நகர்த்தி அடுக்குக. சோதனை முடிந்ததும் பத்தியை வெளியே கொண்டு போய் அணைக்க வேண்டும் என்று பஞ்சோடு வாழ்வோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கதவைத் திறந்தவுடன் விசிறியின் ஓசை தெளிவாக மாறினால், நுழைவாய் இன்னும் போதவில்லை.

இனிச் சொல்லப்போவதை அங்கத்தினர்கள் சிறிது பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். விசிறி காற்றை மாற்றும்; காற்றை உலர்த்தாது. வெளிக்காற்று அறைக்காற்றைவிட ஈரமாயிருந்தால், விசிறி ஓட ஓட அறை நனையும். நண்பகலில் வெளியே உஷ்ணநிலை 34 பாகை, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த வேளை என்றே நினைப்போம். அக்காற்று, குளிரூட்டிய கூடத்தை ஒட்டியதால் 28 பாகையில் இருக்கும் சரக்கறைக்குள் வந்து குளிர்ந்தவுடன் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதமாகிறது. 80-க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் கஞ்சியிட்ட நூலில் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி அதற்கு உணவு. இரவில் வெளியே 26 பாகை, 85 சதவீதம் இருந்தால், அறை 29 பாகையில் இருக்கும்போது அது வெறும் 71 ஆகிறது. கேட்பதற்கு விந்தையாக இருப்பினும், அத்தகைய நாளில் நண்பகற் காற்றைவிட இரவுக் காற்றே சரக்குக்கு நல்லது. அடைமழை நாட்களில் இரண்டுமே தீது.

எனவே ஈரப்பதம் 70-ஐத் தாண்டினால் விசிறியைத் தானே ஓட்டும் கருவியை மட்டும் நம்பி விடுவதை நாம் ஏற்பதில்லை. மழைக்காலத்தில் வெளிக்காற்றும் 70-க்கு மேல்தான். கருவி விசிறியை நிறுத்தவே நிறுத்தாது, இரவும் பகலும் ஈரத்தை அறைக்குள் இறைத்துக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, விசிறி ஓட்டுமுன் எண்ணைக் குறித்து, ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மீண்டும் குறித்தால் போதும். எண் இறங்கினால் ஓடலாம். ஏறினால் நிறுத்த வேண்டும். விதை நெல் வைத்திருக்கும் உழவர் சங்கங்களுக்கு இது இன்னும் கண்டிப்பான விதியாகும்.

அந்த விற்பனை நிலையத்துக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. அதன் லூவர் விற்பனைக் கூடத்துள் திறக்கிறது. குளிரூட்டும் கருவி காற்றிலுள்ள நீரைப் பிரித்து வெளியே வடிப்பதை அதன் குழாயடியில் யாவரும் கண்டிருப்போம். கூடத்தின் 25 பாகை, 55 சதவீதக் காற்று 28 பாகைச் சரக்கறைக்குள் நுழைந்தால் 46 சதவீதம்தான். ஆகவே கூடத்தில் குளிரூட்டி ஓடும் நேரத்தில் மட்டும் விசிறி ஓடும்படி இணைக்கச் சொன்னோம். இதற்கும் ஒரு விலை உண்டு. மணிக்கு 200 கன மீட்டர் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு வெப்பக் காற்று தெருக்கதவின் வழியே கூடத்துள் வரும். நண்பகலில் அதைக் குளிர்விக்க ஏறத்தாழ 0.6 டன் வேண்டும். ஒன்றரை டன் கருவியில் அது பெரும்பங்கு. எனவே மணிக்கு 20 நிமிடம் மட்டும் விசிறியை ஓட்ட ஒரு டைமர் வைக்கப்பட்டது. சராசரியில் மணிக்கு இரு காற்று மாற்றம், 0.2 டன் சுமை. சரக்குக்கு அதுவே போதும். புதிதாகக் கஞ்சியிட்ட நூலோ சாயமிட்ட சரக்கோ வந்து இறங்கும் நாட்களில் தொடர்ந்து ஓட்டலாம்.

வேறு கட்டடங்களில் குழாய் குளிரூட்டிய அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் செல்ல நேரிடலாம். அங்கே குழாய்க்குள் ஈரக்காற்று, வெளியே குளிர்ச்சி. உட்சுவரில் நீர் துளிர்த்து, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அப்பகுதிக்கு நுரை உறை சுற்றுவதும், தொய்வில்லாமல் இரண்டடி, மூன்றடிக்கு ஒரு கொக்கி இடுவதும் அவசியம். சீலிங்கில் மஞ்சள் வட்டம் தோன்றினால் மேல்தளக் குழாயைக் குறைகூறுமுன் இதைப் பார்க்கவும்.

கழிப்பறைக்குக் கணக்கு எளிது. 7 அடிக்கு 5 அடி, 9 அடி உயரம் என்றால் 315 கன அடி. மணிக்குப் பத்து மாற்றம் என்று கொண்டால் நிமிடத்துக்கு 52 கன அடி, அதாவது ஏறத்தாழ 90 கன மீட்டர். இக்குறைந்த அளவுக்கு 4 அங்குலக் குழாயே தாராளம். இதே 20 அடித் தடத்தில் எதிர்ப்பு 40 பாஸ்கலைத் தாண்டாது. ஈரம் சேரும் பொருள் அங்கே இல்லாமையால் வேளை பார்க்க வேண்டியதில்லை. பயன்படுத்திய பின் கால் மணி நேரம் ஓடவிட்டால் போதும். ஆனால் குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால் விசிறியைப் பொருத்தவே கூடாது. விசிறியின் உறிஞ்சல் அடுப்பின் புகையை வெளியேறவிடாமல் அறைக்குள் இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைக் கொல்வது. முதலில் கீசரை வெளியே மாற்றுக. சிக்கனம் கருதிக் கழிப்பறைக் குழாயையும் சரக்கறைக் குழாயையும் ஒரே விசிறியில் இணைப்பதும் ஆகாது. விசிறி நின்றதும் இரு அறைகளும் ஒரே குழாயால் பேசிக்கொள்ளும்.

நூல் தூசி மோட்டார் மீது படிந்து சூடேறுவது நெசவுச் சரக்கறைக்கே உரிய ஆபத்தாகும். சூடு மிகுந்தால் தானே நின்றுவிடும் பாதுகாப்புள்ள விசிறியையே வாங்கி, எர்த் இணைப்பும் கசிவு மின்னைத் துண்டிக்கும் சுவிட்சும் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, கிரிலைக் கழற்றிக் கழுவி, விசிறியின் இறக்கைகளை உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். கிரிலில் ஒட்டவைத்த காகிதத் துண்டு தானே நிற்காமல் விழுந்தால் மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.